‘2021 எடிஷன், நல்ல கண்டிஷன், கொஞ்சம் மார்க்கிங்’: பழைய பாடப்புத்தக விற்பனைக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

கல்வியாண்டு முடிந்ததும் பழைய புத்தக விளம்பரங்கள் கிளம்பிவிடும். அவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்: “12ஆம் வகுப்பு என்சிஇஆர்டி கெமிஸ்ட்ரி, 2 பார்ட், 2021 எடிஷன், நல்ல கண்டிஷன், கொஞ்சம் மார்க்கிங் இருக்கு, விலை பேசலாம்.” எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு வாங்குகிறவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. எடிஷன் என்கிறாரே, அது உண்மையில் பதிப்பா, அச்சிட்ட வருடமா? மார்க்கிங் எந்தப் பாடத்தில், எதால் போட்டது? ‘நல்ல கண்டிஷன்’ யாருடைய கணக்கில்?

சென்னை அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் நின்று வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை, புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். ஆன்லைனில் அந்தப் புரட்டலை விற்பவரின் குறிப்புதான் செய்தாக வேண்டும். அதனால் மேலே உள்ள அதே விளம்பரத்தை, அதே வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம். நீட் எழுதுகிறவர்கள் அதிகம் தேடுவதும், பதிப்புக் குழப்பம் அதிகம் இருப்பதும் இந்தப் புத்தகத்தில்தான்.

## பதிப்பு வேறு, மறுஅச்சு வேறு

உள்ளடக்கம் மாறினால் அது புதிய பதிப்பு. உள்ளே ஒன்றும் மாறாமல், இருப்பு தீர்ந்ததால் திரும்ப அச்சடித்தால் அது மறுஅச்சு. பாடப்புத்தகம் விற்கிறவர்களில் பலர் மறுஅச்சு வருடத்தைத்தான் ‘எடிஷன்’ என்று எழுதுகிறார்கள். ‘2021 எடிஷன்’ என்று தனியாக ஒன்று வந்ததுபோல வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார், 2019இல் அச்சான பிரதியை ‘பழசு’ என்று ஒதுக்குகிறார். அந்த இரண்டுக்கும் உள்ளே வேறுபாடு இல்லாமலே இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள அட்டையைப் பார்த்துப் பயனில்லை. தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் அதன் பின்பக்கத்தில் பதிப்புரிமை விவரங்கள் இருக்கும். என்சிஇஆர்டி புத்தகங்களில் முதல் பதிப்பு எப்போது, அதன் பிறகு எந்தெந்த மாதம் மறுஅச்சானது என்று வரிசையாக அங்கே போட்டிருப்பார்கள். ஆங்கில மாதத்தோடு சக ஆண்டும் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சக ஆண்டோடு 78 கூட்டினால் நம்முடைய ஆண்டு வந்துவிடும், ஜனவரியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை உள்ள தேதிகளுக்கு மட்டும் 79. அந்தப் பட்டியலில் கடைசியாக இருக்கும் வருடம்தான் உங்கள் கையில் உள்ள பிரதி அச்சான வருடம்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். மறுஅச்சுக்கு ஐஎஸ்பிஎன் மாறாது என்பதால், ஒரே எண்ணில் பத்துப் பதினைந்து வருடத்துப் பிரதிகள் சந்தையில் உலவும். இன்னொரு குழப்பமும் உண்டு. 2007க்கு முன்பு இந்த எண்ணுக்குப் பத்து இலக்கம், அதன் பிறகு பதின்மூன்று. இந்த வேதியியல் புத்தகத்தின் முதல் பாகத்தில் 81-7450-648-9 என்ற பத்து இலக்க எண் இருக்கும். அதையே பதின்மூன்று இலக்கமாக்கினால் 978-81-7450-648-1 என்று வரும். முன்னால் 978 சேர்ந்ததோடு கடைசி இலக்கமும் 9இலிருந்து 1 ஆகிவிட்டது பாருங்கள். கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண், அதனால் மாறத்தான் செய்யும். இரண்டும் ஒரே புத்தகம்தான், ‘எண் ஒத்துவரலையே’ என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை.

## இந்தப் புத்தகத்தில் 2023 ஏன் முக்கியம்?

2007-08 கல்வியாண்டுக்காக வந்த 12ஆம் வகுப்பு வேதியியல் புத்தகம் நீண்ட காலம் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்சிஇஆர்டி நீக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலை வெளியிட்டது. அப்போது பழைய புத்தகமே கையில் இருந்ததால் பட்டியலைப் பார்த்து விட்டுவிட்டுப் படித்தார்கள். பகுதிகளை எடுத்துவிட்டு அச்சான புத்தகம் 2023-24 கல்வியாண்டுக்கு வந்தது. ஆகவே இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை 2015ஆ 2021ஆ என்பது பெரிய கேள்வியே இல்லை. 2023க்கு முன்பா, பின்பா என்பதுதான் கேள்வி.

மாற்றம் சின்னதும் இல்லை. பழையதில் இரண்டு பாகமும் சேர்த்து 16 பாடங்கள், புதியதில் 10. திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், உலோகங்களைப் பிரித்தெடுத்தல், பி-பிளாக் தனிமங்கள் என்று நான்கு பாடங்கள் முதல் பாகத்திலிருந்து போயின. பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் என்று இரண்டு பாடங்கள் இரண்டாம் பாகத்திலிருந்து போயின. பதிப்புரிமைப் பக்கம் கிழிந்திருந்தாலும் பொருளடக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதல் பாகம் திண்ம நிலையில் தொடங்கினால் பழையது, கரைசல்களில் தொடங்கினால் புதியது.

இதனால் வாங்குகிறவருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

1. பாட எண்கள் நகர்ந்துவிட்டன. டி-எஃப் பிளாக் தனிமங்கள் பழையதில் 8ஆவது யூனிட், புதியதில் 4ஆவது. ஹாலோ ஆல்கேன்கள் 10இலிருந்து 6க்கு வந்துவிட்டது. வகுப்பில் “யூனிட் 6, பயிற்சி 12 போடுங்க” என்று சொல்லும்போது பழைய புத்தகக்காரர் உலோகவியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பார். எண்ணை மாற்றிப் படித்துக்கொண்டால் சரி, ஆனால் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2. இரண்டாம் பாகத்தில் இழப்பு குறைவு. ஹாலோ ஆல்கேன்கள் முதல் உயிரியல் மூலக்கூறுகள் வரை ஐந்து பாடங்கள் இரண்டிலும் இருக்கின்றன. எண் மாறியதையும், பாடத்துக்குள் அங்கங்கே சில பகுதிகள் வெட்டப்பட்டதையும் பொறுத்துக்கொண்டால் பழைய இரண்டாம் பாகமே பெரும்பாலும் போதும்.

3. முதல் பாகத்தில் கதை தலைகீழ். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு மட்டும் படிப்பவருக்குப் பழையதில் நான்கு பாடம் வீண். நீட் எழுதுபவருக்கோ அந்த நான்கில் ஒன்று தேவைப்படுகிறது. 2023 அக்டோபரில் வந்த, 2024 தேர்வுக்கான நீட் பாடத்திட்டம் திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்றவற்றை எடுத்துவிட்டாலும் பி-பிளாக்கை விடவில்லை. தனிம வரிசை அட்டவணையின் 13ஆம் தொகுதி முதல் 18ஆம் தொகுதி வரை அதில் இருக்கிறது. புதிய என்சிஇஆர்டி புத்தகத்தில் அந்தப் பாடமே கிடையாது. 15 முதல் 18 வரையிலான தொகுதிகள் பழைய 12ஆம் வகுப்பு முதல் பாகத்திலும், 13, 14 ஆகியவை பழைய 11ஆம் வகுப்புப் புத்தகத்திலும்தான் இருந்தன.

மூன்றாவது விஷயம் தெரியாமல் பலர் பழைய முதல் பாகத்தை எடைக்குப் போடுகிறார்கள். இது தெரிந்த விற்பனையாளர் “பழைய 16 பாடப் பதிப்பு, 7ஆவது யூனிட் பி-பிளாக் முழுமையாக இருக்கிறது” என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரி அந்தப் புத்தகத்தை வாங்கக் காரணம் ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு நீட்டுக்காக மட்டும் என்சிஇஆர்டி தேடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குப் பொதுத்தேர்வுக்கான பாட எண் குழப்பம்கூட ஒரு பொருட்டில்லை.

ஒரு எச்சரிக்கை: நீட் பாடத்திட்டம் எந்த வருடமும் மாறலாம். அதனால் விற்பவர் ‘நீட்டுக்கு ஏற்றது’ என்று உத்தரவாதம் எழுதக் கூடாது. எந்தப் பாடங்கள் உள்ளன என்று எழுதினால் போதும், தனக்குத் தேவையா என்பதை வாங்குகிறவர் அந்த வருடப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்துகொள்வார்.

## கல்லூரிப் புத்தகத்தில் வேறு ஒரு பதிப்புச் சிக்கல்

பொறியியல், மருத்துவப் புத்தகங்களுக்கு வந்தால் பதிப்பு எண் மட்டும் போதாது, எந்த நாட்டுப் பதிப்பு என்பதும் வேண்டும். வெளிநாட்டு ஆசிரியரின் புத்தகத்துக்குப் பதிப்பகமே இந்தியச் சந்தைக்கென்று மலிவுப் பதிப்பு போடும். அட்டையிலோ பின்பக்கத்திலோ எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் தாள் மெல்லியதாகவோ, வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவோ இருக்கக்கூடும், பாட இறுதிக் கணக்குகளின் வரிசையும் எண்களும் மாறியிருக்கக்கூடும். பேராசிரியர் கணக்கு எண் சொல்லி வீட்டுப்பாடம் கொடுக்கிறவர் என்றால் அந்தக் கடைசி வேறுபாடு பெரிய தலைவலி.

இந்த விலை வித்தியாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சுபாப் கிர்ட்சாங் என்ற தாய்லாந்து மாணவர் அமெரிக்காவில் படிக்கும்போது, ஊரிலிருந்து மலிவான ஆசியப் பதிப்புகளை வரவழைத்து அங்கே விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டு, எட்டுப் புத்தகங்களுக்குத் தலா 75,000 டாலர் வீதம் 6 லட்சம் டாலர் இழப்பீடு என்று கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. முறையாக அச்சிட்டு விற்ற பிரதியை வாங்கியவர், அது எந்த நாட்டில் அச்சானது என்றாலும், மறுபடி விற்கலாம் என்றது. அது அமெரிக்கச் சட்டம். நம் விஷயத்துக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: ஒரே பெயர், ஒரே பதிப்பு எண், ஆனால் விலையில் பெரிதும் வேறுபடும் இரண்டு புத்தகங்கள் உண்மையாகவே இருக்கின்றன. அதனால் ‘இந்தியப் பதிப்பு’ என்பதைக் குறிப்பில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

## மார்க்கிங்: எவ்வளவு என்பதைவிட எங்கே, எதால்

‘கொஞ்சம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துக்கு இரண்டு வரி கோடு போட்டவருக்கு அது கொஞ்சம், அவர் 300 பக்கத்திலும் அப்படிப் போட்டிருப்பார். எனவே குறிப்பில் மூன்று விவரம் வேண்டும்.

1. எதால்? பென்சில் என்றால் அழிக்கலாம், அழுத்தி எழுதாமல் இருந்தால் தடயமே இருக்காது. பால்பாயிண்ட் போகாது, ஆனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மெல்லிய தாளில் பின்பக்கம் தெரியும், அதாவது ஒரு பக்கத்தில் போட்டது இரண்டு பக்கத்தைக் கெடுக்கும். இவற்றைவிட மோசம் ஒயிட்னர். தன் குறிப்பை மறைக்க நினைத்து அச்செழுத்தையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள்.

2. எங்கே? பாடத்தின் நடுவே கோடிட்டது ஒரு வகை. முக்கியமான வரியைச் சரியாகக் கோடிட்டிருந்தால் சிலருக்கு அது லாபமாகக்கூடத் தெரியும். பயிற்சிக் கணக்குக்குப் பக்கத்தில் விடையைப் போட்டு வைத்தது இன்னொரு வகை. மின்வேதியியலிலும் வேகவியலிலும் ஓரத்தில் கணக்கையே போட்டு முடித்திருந்தால் அடுத்தவர் தானாகப் போட்டுப் பார்க்க முடியாது, கண் அங்கேதான் போகும். ஒரு பாடம் முழுக்க ஹைலைட்டர் அடித்ததைவிட இருபது கணக்குக்கு விடை எழுதியது பெரிய குறை என்பேன். ஆனால் விற்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்வதே இல்லை.

3. எவ்வளவு? சதவீதம் வேண்டாம், யாருக்கும் புரியாது. பாடத்தின் பெயரையும் தோராயமான பக்க எண்ணிக்கையையும் சொன்னால் போதும். இந்தப் புத்தகத்தில் ஒரு பழக்கம் அடிக்கடி தென்படும். கனிமப் பகுதியான பி-பிளாக், டி-எஃப் பிளாக், அணைவுச் சேர்மங்கள் மூன்றும் வரிக்கு வரி மஞ்சளாக இருக்கும், கரைசல்கள் மாதிரிக் கணக்குப் பாடங்கள் சுத்தமாக இருக்கும். மனப்பாடம் செய்கிற இடத்தில்தானே கோடு போடுவோம். சிக்கல் என்னவென்றால், பழைய பதிப்பை வாங்குகிறவர் தேடி வருவது பி-பிளாக்குக்காகத்தான். ‘மொத்தத்தில் கொஞ்சம்தான் மார்க்கிங்’ என்பது உண்மையாக இருந்து, அந்தக் கொஞ்சமும் 7ஆவது யூனிட்டில் குவிந்திருந்தால், அவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சள் ஹைலைட்டர் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படத்தில் சரியாகத் தெரியாது. விற்பவர் மறைக்க நினைக்காவிட்டாலும் மறைந்துவிடும். பகலில் ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தால் உள்ளபடி வரும். அதிகம் கோடு போட்ட பக்கத்தைத்தான் படம் எடுக்க வேண்டும், சுத்தமான பக்கத்தின் படத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

முதல் பக்கத்தில் எழுதிய பெயர், பள்ளி, போன் நம்பர் இவற்றையும் சொல்லியாக வேண்டும். இதை மறைக்க அந்தத் தாளையே கிழித்துவிடுகிறார்கள் சிலர். தலைப்புப் பக்கத்தைக் கிழித்தால் அதன் முதுகில் இருக்கும் பதிப்புரிமைப் பக்கமும் போய்விடும், எந்த வருடப் பிரதி என்று நிரூபிக்க இருந்த ஒரே சான்றும் போச்சு. ஒரு வெள்ளைத் துண்டுத் தாளைப் பெயர் மேல் ஒட்டினால் வேலை முடிந்தது.

## ‘நல்ல’ என்றால் என்ன?

பழைய புத்தக வியாபாரத்தில் நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு படிவரிசை புழங்குகிறது. 1949இல் அமெரிக்காவின் ஏபி புக்மேன்ஸ் வீக்லி என்ற வியாபார இதழ் முன்வைத்தது அது. அதில் ‘குட்’ என்பதற்கு விளக்கம், சராசரியாகப் பயன்பட்டுத் தேய்ந்த, எல்லாத் தாள்களும் உள்ள புத்தகம் என்பதுதான். அதற்கு மேலே இன்னும் உயர்ந்த படிகள் இருக்கின்றன. விற்பனைத் தளங்களில் பட்டியலிலிருந்து ஒரு படியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, ‘குட்’ என்பதை நம் பேச்சு வழக்கு ‘நல்லா இருக்கு’ என்று எடுத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். அந்தப் படியில் மூலை மடங்கியிருக்கலாம், முதுகு வெளுத்திருக்கலாம், பெயர் எழுதியிருக்கலாம். தாள் குறையாமல் இருந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் உண்மையாகத்தான் இருக்கிறார்.

அதனால் படிச் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு விடக் கூடாது, குறையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பாடப்புத்தகத்தில் பார்க்க வேண்டியவை நான்கு.

1. கட்டு. பேப்பர்பேக் புத்தகத்தில் முதலில் விடுவது முதுகுப் பசைதான். நடுவில் திறந்து மேசையில் வைத்தால், விரிந்த இடத்தில் பசை வெடித்துத் தாள் தனியாக வருகிறதா என்று தெரியும். முதல் சில தாள்களும் கடைசிச் சில தாள்களும்தான் முதலில் கழன்றுவிழும். இந்தப் புத்தகத்தின் முதல் பாகத்தில் கடைசியில்தான் பின்னிணைப்புகள், லாக் டேபிள், விடைகள் எல்லாம் இருக்கின்றன. எனவே ‘கடைசிப் பக்கம் கொஞ்சம் போயிருக்கு’ என்பது சாதாரண விஷயம் இல்லை, எது போனது என்று எழுத வேண்டும். முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க, பக்க எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வேகமாகப் புரட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஒரு தாள் போயிருந்தால் இரண்டு எண்கள் தாவும்.

2. மறுபடி பைண்டிங் போட்டதா? நம்மூரில் கிழிந்த புத்தகத்தைப் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிக்கோ துணி வைத்துத் தைப்பது வழக்கம். ஆயுள் கூடும், அது உண்மை. ஆனால் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்திருந்தால் புத்தகம் மேசையில் தட்டையாக விரியாது, உள்ளோரத்து எழுத்து தையலுக்குள் போய்விடும். ஓரத்தைச் சமப்படுத்த வெட்டும்போது வெளியோரத்துப் படக்குறிப்புகள் அரைகுறையாக நிற்கும். ‘ஹார்ட் பைண்டிங் போட்டது, ஸ்ட்ராங்’ என்று பெருமையாக எழுதுகிற விளம்பரத்தைப் பார்த்தால், விரித்து வைத்த நடுப்பக்கப் படம் ஒன்று கேளுங்கள்.

3. ஈரமும் பூச்சியும். தண்ணீர் பட்டுக் காய்ந்த புத்தகம் மேலிருந்து பார்த்தால் அலை அலையாகத் தெரியும், கறை ஏறி நின்ற கோடு பழுப்பாக ஓரத்தில் இருக்கும். பூஞ்சணம் பிடித்திருந்தால் வாடையே காட்டிக்கொடுக்கும், அது படத்தில் வராது என்பதால் வாயால்தான் சொல்ல வேண்டும். இராமபாணப் பூச்சி அரித்தால் தாளின் மேற்பரப்பும் ஓரமும் ஒழுங்கில்லாமல் சுரண்டியது போல இருக்கும், கரையான் என்றால் மண்ணோடு கூடிய ஓட்டை. இவை இரண்டும் இருக்கிற புத்தகத்தை வீட்டு அலமாரியில் மற்றதோடு வைத்தால் என்ன ஆகும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும், அதனால்தான் இந்த ஒரு குறையை மறைத்தால் அவர்களுக்குக் கோபம் அதிகம் வருகிறது.

4. அசலா? என்சிஇஆர்டி புத்தகங்களுக்குத் திருட்டு அச்சுப் பிரதிகள் உண்டு. பதிப்புரிமைப் பக்கத்திலேயே ‘80 ஜிஎஸ்எம் தாளில், என்சிஇஆர்டி நீரெழுத்துடன் அச்சிடப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உள்ளே ஒரு தாளைத் தனியாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளுக்குள் மங்கலாக அந்த நீரெழுத்து தெரிய வேண்டும். ஒரு தாளில் தெரியாவிட்டால் நான்கைந்து தாளைப் பாருங்கள், எதிலுமே இல்லையென்றால் சந்தேகம்தான். படங்கள் கலங்கியிருப்பது, எழுத்து சில பக்கங்களில் வெளிறியிருப்பது இவையும் சேர்ந்தால் சந்தேகம் உறுதியாகும். சமன்பாட்டில் ஒரு கீழெண் அச்சாகாமல் போனால் வேதியியல் புத்தகத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி நூலகத்திலிருந்து கழித்த பிரதி என்றால் முத்திரையும் கழித்த சீலும் இருக்கும், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

## அதே விளம்பரம், திருத்தி எழுதினால்

இவ்வளவையும் வைத்து முதலில் பார்த்த விளம்பரத்தைத் திரும்ப எழுதுவோம். புத்தகம் அதேதான், குறையும் கூடவில்லை.

> என்சிஇஆர்டி வேதியியல், 12ஆம் வகுப்பு, ஆங்கில வழி, பாகம் 1 மற்றும் 2. பழைய 16 பாடப் பதிப்பு (2023க்கு முந்தையது), இரண்டுமே 2021 மறுஅச்சு. பாகம் 1இல் 7ஆவது யூனிட் பி-பிளாக் முழுமையாக உள்ளது. பாட எண்கள் இப்போதைய புத்தகத்தோடு ஒத்துவராது.
>
> மார்க்கிங்: பாகம் 1இல் டி-எஃப் பிளாக், அணைவுச் சேர்மங்கள் இரண்டிலும் மஞ்சள் ஹைலைட்டர், சுமார் 40 பக்கம், பின்பக்கம் லேசாகத் தெரியும். பி-பிளாக்கில் பென்சில் கோடு மட்டும். மின்வேதியியல் பயிற்சியில் 9 கணக்குக்குப் பென்சிலில் விடை எழுதியிருக்கிறது. பாகம் 2 சுத்தம். முதல் பக்கத்தில் பெயர் இருந்தது, தாள் ஒட்டி மறைத்திருக்கிறது.
>
> நிலை: எல்லாப் பக்கமும் இருக்கிறது, எண்ணிப் பார்த்தது. பாகம் 1இன் முதுகில் இரண்டு மடிப்பு, கடைசிப் பகுதியில் லாக் டேபிள் தாள் ஒன்று டேப் ஒட்டியது, எழுத்து மறையவில்லை. பாகம் 2 அட்டையின் லேமினேஷன் ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. ஈரம், பூச்சி, வாடை இல்லை. தாளில் நீரெழுத்து தெரிகிறது. தனித்தனியாகவும் தரப்படும்.
>
> படங்கள்: இரண்டு அட்டை, பதிப்புரிமைப் பக்கம், பொருளடக்கம், அதிகம் ஹைலைட்டர் உள்ள பக்கம், டேப் ஒட்டிய தாள்.

நீளமாகத் தெரியலாம், ஆனால் எழுத பத்து நிமிடம்தான் ஆகும். பதிலுக்கு ‘எந்த வருஷம்?’ ‘உள்ளே எழுதியிருக்கா?’ ‘பி-பிளாக் இருக்கா?’ என்று இருபது பேர் தனித்தனியாகக் கேட்கும் மெசேஜ்கள் மிச்சம். கடைசியில் இருக்கும் ‘தனித்தனியாகவும் தரப்படும்’ என்பதைக் கவனியுங்கள். புதிய பதிப்பை முன்பே வாங்கிவிட்டு பி-பிளாக்குக்காக மட்டும் தேடுகிறவருக்குப் பாகம் 1 போதும், செலவைக் குறைக்க நினைக்கும் பொதுத்தேர்வு மாணவருக்குப் பாகம் 2 போதும். இரண்டையும் கட்டாயமாகச் சேர்த்து விற்றால் இரண்டு பேருமே பின்வாங்குவார்கள்.

வாங்குகிறவர் பக்கம் ஒரு விஷயம் பாக்கி. இப்படி எழுதிய குறிப்பும் படமும் இருக்கிற பக்கத்தை ஆர்டர் போடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்ற பிறகு விளம்பரம் நீக்கப்பட்டுவிடும். பார்சல் வந்ததும் முதலில் பதிப்புரிமைப் பக்கத்தையும் பொருளடக்கத்தையும், அப்புறம் கடைசித் தாளையும் பாருங்கள். அவை ஒத்துப்போகவில்லை என்றால் பெயர் எழுதவோ அட்டை போடவோ வேண்டாம், அன்றைக்கே விற்றவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் இரண்டு கோடு போட்டுவிட்ட பிறகு, எந்த மார்க்கிங் யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.